பட்ஜெட் கோரிக்கையை மறுத்துப் பதில் எழுதுவது எப்படி: புதிய மேலாளர்களுக்கு ஒரு செய்முறை

குழுவைப் பொறுப்பேற்ற முதல் வருடத்தில், பணம் கேட்டு வந்த ஒரு கோரிக்கைக்கு நான் இப்படிப் பதில் எழுதினேன்: "தற்போதைய நிதிச் சூழலைக் கருத்தில் கொண்டு, இக்கோரிக்கையை இப்போதைக்குப் பரிசீலிக்க இயலவில்லை." ஏழு வாரம் கழித்து அந்தக் குழு உறுப்பினர் வந்து, "அந்த விஷயம் எந்த அளவில் இருக்கிறது சார்?" என்று கேட்டார். நான் மறுத்துவிட்டேன் என்பதே அவருக்குத் தெரியவில்லை. "இப்போதைக்கு" என்ற சொல்லை நம்பிக் காத்திருந்தார், தன் வேலைத் திட்டத்தையும் அதை வைத்தே போட்டிருந்தார். தவறு என்னுடையது.

அதற்கு அப்புறம் நான் கற்றுக்கொண்ட முறையை, ஒரே ஒரு கோரிக்கையை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டு

மொபைல் ஆப் செய்யும் ஒரு குழு. அதில் சோதனைப் பொறியாளர் ஒருவர் ஜூலை 8 அன்று மேலாளருக்கு எழுதுகிறார்: "பழைய மாடல் போன்களில் ஆப் சரியாக ஓடுவதில்லை என்று புகார்கள் வருகின்றன. சோதனைக்கு 6 போன்கள் வேண்டும். கருவிகள் தலைப்பில் இன்னும் 3 போனுக்கு இடம் இருப்பதாக பட்ஜெட் ஷீட்டில் பார்த்தேன். மீதி 3-க்கும் ஏற்பாடு செய்தால் உதவியாக இருக்கும்."

கோரிக்கை நியாயமானதுதான். ஆனாலும் இந்த வடிவில் ஒப்புதல் தர முடியாது.

படி 1: உண்மையான காரணம் எது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பதில் எழுதும் வேலையே இங்கேதான் நடக்கிறது, மெயில் அதன் பிரதி மட்டும்தான்.

முதலில் கணக்கைப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் வருடத்துக்கு 10 போன் வாங்க அனுமதி. 7 வாங்கியாகிவிட்டது. ஆகவே ஷீட்டில் 3 மீதி என்று தெரிகிறது. ஆனால் 2 போனுக்கு ஆர்டர் போட்டாகிவிட்டது, பில் மட்டும் இன்னும் வரவில்லை. பில் வரும்வரை பல ஷீட்டுகளில் அந்தத் தொகை செலவாகக் காட்டப்படாது. உண்மையில் மீதி இருப்பது 1. குழு உறுப்பினர்கள் "பணம் இருக்கிறதே, ஏன் தரவில்லை?" என்று மனத்துக்குள் வருந்துவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பார்க்கும் எண் ஒன்று, கையில் இருப்பது வேறு.

சரி, பணம் இல்லை என்று எழுதிவிடலாமா? கூடாது. அதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக்கே 6 போனுக்கும் பணம் வந்தால், வாங்கித் தருவேனா?

நம் மேலாளர் நேர்மையாகப் பதில் சொன்னால், "இல்லை, 2 வேண்டுமானால் வாங்குவேன்" என்றுதான் சொல்வார். ஏனென்றால் எந்தெந்த மாடல், அதில் என்ன பிழை, எத்தனை பயனர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கோரிக்கையில் எதுவும் இல்லை. ஆகவே பணம் இல்லாதது பாதிக் காரணம். 6 தேவை என்பது இன்னும் காட்டப்படவில்லை என்பதுதான் மீதிப் பாதி. பணக் குறையை மட்டும் எழுதினால், பணம் வந்ததும் அவர் அதே கோரிக்கையை அப்படியே அனுப்புவார். நீங்கள் மறுபடியும் மறுப்பீர்கள், இந்த முறை வேறு காரணம் சொல்லி. அதற்கு மேல் உங்கள் எந்தக் காரணத்தையும் அவர் நம்பமாட்டார்.

அந்தக் கேள்விக்கு "பணம் வந்தால் உடனே வாங்குவேன்" என்பது பதிலானால், பணம்தான் காரணம், அதை மட்டும் எழுதுங்கள். "எத்தனை பணம் வந்தாலும் வாங்கமாட்டேன்" என்பது பதிலானால், மறுவிண்ணப்ப வழியே காட்டாதீர்கள். இந்தத் திசையில் நாம் போகப்போவதில்லை என்று எழுதுவதுதான் மரியாதை. திறக்காத கதவைத் தட்டச் சொல்லி ஒருவரின் ஒரு மாத உழைப்பை வீணாக்கக் கூடாது.

படி 2: காரணத்திலிருந்தே வழியை எடுங்கள்

காரணம் சரியாகக் கிடைத்துவிட்டால் வழியைத் தனியாக யோசிக்க வேண்டியதில்லை. பணம் குறைவு என்றால், எந்தத் தலைப்பிலிருந்து மாற்ற முடியும், யார் கையெழுத்துப் போட வேண்டும், அவர் எப்போது அதைப் பார்ப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் தலைப்பு மாற்றம் துறைத் தலைவரின் கையில். அவர் அதைச் செப்டம்பர் 22 அரையாண்டு ஆய்வில் மட்டுமே எடுத்துக்கொள்வார்.

தேவை காட்டப்படவில்லை என்றால், எதைக் காட்டினால் போதும் என்று ஓர் அளவு சொல்லுங்கள். "இன்னும் வலுவான விவரங்களுடன் வாருங்கள்" என்பது அளவு அல்ல. வலுவானது எது என்று உங்களுக்கே தெரியாதபோது எழுதும் வாக்கியம் அது.

அளவு எப்படிக் கிடைக்கும்? இங்கே போன் வாங்குவதற்கு மாற்று ஒன்று இருக்கிறது: இணையம் வழியாக உண்மையான போன்களை மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் சேவைகள். இந்தக் கணக்கில் ஒரு போனின் விலை 120 மணி நேர வாடகைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் பொருளின் விலை ஒரு வருடத்துக்குள் ஈடாக வேண்டும் என்று நிதிப் பிரிவு எதிர்பார்ப்பதாகவும் வைத்துக்கொள்வோம். 120-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 10 மணி நேரம். ஒரு மாடலில் மாதம் 10 மணி நேரத்துக்கு மேல் சோதனை நடந்தால் வாங்குவது லாபம், குறைவாக நடந்தால் வாடகையே போதும். அவ்வளவுதான் கணக்கு. இப்போது அவருக்கு ஓர் இலக்கு கிடைத்துவிட்டது, உங்களுக்கும் முடிவெடுக்க ஒரு கோடு கிடைத்துவிட்டது.

இந்தக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. பேட்டரி சூடாவது, சிக்னல் விட்டு விட்டு வருவது, கேமரா போன்றவற்றைக் கையில் போன் இல்லாமல் ஒழுங்காகச் சோதிப்பது கடினம். அப்படிப்பட்ட பிழை இருந்தால் மணிக்கணக்கைப் பார்க்காமலே போன் கேட்கலாம் என்று மெயிலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 3: முதலில் பேசுங்கள், அன்றைக்கே எழுதுங்கள்

ஐந்து நிமிடம் நேரில் அல்லது போனில் சொல்லிவிட்டு எழுதினால், மெயில் அடி போல விழாது. ஆனால் பேச்சோடு நிறுத்திவிடாதீர்கள். எழுத்தில் இல்லாத தேதியையும் அளவையும் செப்டம்பரில் ஆளுக்கொரு விதமாகத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். கோரிக்கையோடு விலைப்பட்டியல் வந்திருந்தால் அது செல்லும் நாளையும் பாருங்கள். அது காலாவதியான பிறகு வரும் மறுப்பு, அவரை மறுபடி விற்பனையாளரிடம் அலைய வைக்கும்.

படி 4: மெயிலை எழுதுங்கள்

முடிவு முதல் வரியில் இருக்கட்டும். நன்றியும் பாராட்டும் மூன்று வரி போன பிறகு "ஆனால்" என்று வந்தால், படிப்பவர் அந்தப் பாராட்டையும் நம்பமாட்டார். நம் மேலாளரின் மெயில் இது:

> பொருள்: 6 சோதனை போன்கள் – ஒப்புதல் இல்லை, செப்டம்பரில் மறுபடி கேட்கலாம்
>
> வணக்கம்,
>
> காலையில் பேசியதை எழுத்தில் தருகிறேன். 6 போன்களுக்கான உங்கள் ஜூலை 8 கோரிக்கைக்கு நான் ஒப்புதல் தரவில்லை.
>
> காரணம் இரண்டு. ஷீட்டில் 3 போனுக்கு இடம் தெரிந்தாலும், 2-க்கு ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டோம். மீதமுள்ள ஒன்றை, இருக்கும் போன் உடைந்தால் மாற்றுவதற்காக வைத்திருக்கிறேன். இரண்டாவது, 6 மாடல்களும் தேவை என்று துறைத் தலைவரிடம் எடுத்துச் சொல்ல என்னிடம் இப்போது விவரம் இல்லை. பணம் இருந்திருந்தாலும் இதைக் கேட்டிருப்பேன்.
>
> பழைய மாடல்களில் பிரச்சினை இருப்பதை நான் ஏற்கிறேன். அதனால் இன்றிலிருந்து மாதம் 40 மணி நேரம் வாடகைப் போன்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அது சேவைச் செலவில் வருகிறது, அங்கே இடம் இருக்கிறது.
>
> செப்டம்பர் 12-க்குள் ஒரு பக்கத்தில் இவற்றை அனுப்புங்கள்: எந்த மாடலில் எத்தனை மணி நேரம் சோதித்தீர்கள், அந்த மாடலில் மட்டும் வந்த பிழைகள், நம் பயனர்களில் எத்தனை சதவீதம் பேர் அதை வைத்திருக்கிறார்கள். மாதம் 10 மணி நேரத்தைத் தாண்டும் மாடல்களுக்கு, செப்டம்பர் 22 ஆய்வில் தலைப்பு மாற்றம் கேட்டு நானே பேசுவேன். முடிவு துறைத் தலைவருடையது, கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பேட்டரி, சிக்னல், கேமரா தொடர்பான பிழை என்றால் அளவைப் பார்க்க வேண்டாம், உடனே சொல்லுங்கள்.
>
> பயனர் சதவீத விவரம் எடுக்க அனுமதி தேவைப்பட்டால் இந்த வாரமே கேளுங்கள், வாங்கித் தருகிறேன்.

இந்த மெயிலில் கவனித்துப் பார்க்க வேண்டிய வரி, "பணம் இருந்திருந்தாலும் இதைக் கேட்டிருப்பேன்" என்பது. எழுதும்போது கை தயங்கும். ஆனால் படி 1-இல் கண்டுபிடித்த உண்மை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மெயில் மென்மையாகும், அவருக்குப் பயன்படாது.

"மேலிடத்தில் ஒத்துக்கொள்ளவில்லை" என்று எழுதும் ஆசையும் வரும். இங்கே மேலிடத்தைக் கேட்கவே இல்லை, முடிவு மேலாளருடையது. உண்மையிலேயே மேலிடத்து முடிவாக இருந்து, காரணத்தை வெளியே சொல்லக் கூடாது என்றால், "என்னால் சொல்ல முடியாத ஒரு காரணமும் இதில் உண்டு" என்று எழுதுங்கள். இன்னொரு குழுவுக்கு என்ன ஒதுக்கினார்கள் என்ற ஒப்பீடும் வேண்டாம், பேச்சு அங்கேயே போய்விடும்.

படி 5: அனுப்பிய பிறகு

செப்டம்பர் 12, 22 இரண்டையும் உங்கள் காலண்டரிலும் போடுங்கள். ஆய்வுக் கூட்டத்தில் பேசுவேன் என்று நீங்களும்தான் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

மெயில் போய்ச் சேர்ந்ததா என்பது அவரது பதிலில் தெரியும். "சரி, எந்த மாடலிலிருந்து தொடங்கட்டும்?" என்று வந்தால் புரிந்துவிட்டது. "சரி, பார்க்கலாம் சார்" என்று மட்டும் வந்தால் மறுநாள் ஒருமுறை பேசுங்கள். பெரும்பாலும் அளவு புரியாமல் இருக்கும், இல்லையென்றால் கேட்டதே தவறோ என்ற எண்ணம் இருக்கும்.

நம் எடுத்துக்காட்டு செப்டம்பரில் இப்படி முடியலாம்: ஒரு மாடலில் மாதம் 14 மணி நேரம், இன்னொன்றில் 11, மற்ற நான்கிலும் இரண்டு மூன்று மணி நேரம். அப்போது கோரிக்கை 2 போனாகச் சுருங்கும், அதைத் துறைத் தலைவர் முன்னால் ஒரே பக்கத்தில் வைக்க முடியும். மற்ற நான்கு மாடல்களுக்கும் வாடகை தொடரும்.