காற்று மழைக்கு மட்டும் ஒழுகிய கூரை

ஹட்டன் பக்கம் எங்கள் வீட்டுத் தகரக் கூரை, தென்மேற்குக் காற்றோடு மழை அடித்தால்தான் ஒழுகும். நேராகப் பெய்தால் ஒரு சொட்டும் விழாது. ஆணி ஓட்டைகளில் தார் பூசி ஏமாந்ததுதான் மிச்சம்.

அப்புறம் தம்பியை உள்ளே நிற்கவைத்து, தாழ்வாரத்திலிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்த் தண்ணீர் அடித்தேன். இரண்டு தகரம் சேரும் இடம் வந்ததும், "அண்ணே, சொட்டுது!" என்றான். மேல்தகரம் கீழ்த்தகரத்தின் மேல் ஏறியிருந்தது வெறும் 3 அங்குலம். சரிவும் குறைவு, காற்று அந்த இடுக்கில் தண்ணீரை மேலே தள்ளியிருக்கிறது.

தாழ்வாரம் ஓரடி நீண்டிருந்ததால், மேல்தகரத்தின் கீழ்விளிம்பு ஆணிகளையும் கீழ்த்தகரங்களின் ஆணிகளையும் கழற்றி, கீழ்த்தகரங்களை 6 அங்குலம் மேலே செருகினேன். புதிய திருகாணிகளை ரப்பர் வாஷரோடு அலையின் மேட்டில் மட்டும் போட்டேன். வெளியே தெரிந்த பழைய ஓட்டைகளையும் அடைத்தேன். பீலியைத்தான் உள்ளே தள்ளி மாட்டவேண்டி வந்தது.