தாயத்தில் 11 கட்டம் தள்ளி நிற்பதா, 12 கட்டம் தள்ளி நிற்பதா? பத்தாம் வகுப்புக் கணக்கு புராஜெக்ட், படிப்படியாக

ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால், கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தாயம் ஓடும். போன வருடம் அக்கா மகள் பத்தாம் வகுப்பு. மரபு விளையாட்டு ஒன்றை எடுத்து நிகழ்தகவு புராஜெக்ட் செய்யச் சொல்லியிருந்தார்கள். பல்லாங்குழி, ஆடுபுலி, தாயம் மூன்றையும் செய்யப் போவதாகச் சொன்னாள். இரண்டை விடச் சொன்னேன். ஆடுபுலியிலும் பல்லாங்குழியிலும் கட்டையே கிடையாது, எல்லாம் யோசனைதான். தாயத்தில் மட்டும்தான் அதிர்ஷ்டமும் யோசனையும் ஒரே கட்டத்தில் மோதிக்கொள்ளும். அவளோடு உட்கார்ந்து செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். பெருக்கலும் பின்னமும் தெரிந்தால் போதும்.

1. முதலில் வீட்டு விதியை எழுதுங்கள்

தாயத்துக்குத் தெருவுக்கு ஒரு விதி. விதி மாறினால் விடையும் மாறிவிடும், அதனால் நோட்டின் முதல் பக்கத்தில் இதுதான் வர வேண்டும். எங்கள் விதி இது: நீளமான இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம், அவற்றில் 0, 1, 2, 3 புள்ளிகள். இரண்டிலும் 0 விழுந்தால் 12. கூட்டுத்தொகை 1 வந்தால் அதுதான் தாயம், தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி போடலாம். காய் இறங்காதவருக்கும் இது உண்டு. விழுந்த எண்களைச் சேர்த்து ஒரே காய்க்கும் வைக்கலாம், பிரித்துப் பல காய்க்கும் வைக்கலாம்.

2. பதினாறு கட்ட அட்டவணை

இங்கேதான் பாதிப் பேர் சறுக்குவார்கள். 1, 2, 3, 4, 5, 6, 12 என்று ஏழு விடைகள் இருக்கின்றன, ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஏழில் ஒன்று என்று எழுதிவிடுவார்கள். அக்கா மகளும் அப்படித்தான் எழுதினாள். ஒரு கட்டையின் நுனியில் நகப்பூச்சு தடவிக் கொடுத்தேன். இப்போது சிவப்புக் கட்டை, வெறுங்கட்டை என்று தனித்தனியாகத் தெரியும். சிவப்பில் 1, வெறுங்கட்டையில் 0 என்பதும், சிவப்பில் 0, வெறுங்கட்டையில் 1 என்பதும் வேறு வேறு என்பது கண்ணாலேயே புரிந்துவிடும்.

| | 0 | 1 | 2 | 3 |
|---|---|---|---|---|
| 0 | 12 | 1 | 2 | 3 |
| 1 | 1 | 2 | 3 | 4 |
| 2 | 2 | 3 | 4 | 5 |
| 3 | 3 | 4 | 5 | 6 |

இந்தப் பதினாறும்தான் கூறுவெளி. எண்ணிப் பாருங்கள்: 3 நான்கு முறை வருகிறது, 2-ம் 4-ம் மூன்று முறை, 1-ம் 5-ம் இரண்டு முறை, 6-ம் 12-ம் ஒரே முறை. தாயம் விழ 16-ல் 2. மறுபடி போடும் வாய்ப்பு (1, 5, 6, 12 சேர்த்து) 16-ல் 6.

3. கட்டை நேர்மையானதா?

அட்டவணை சொல்வது, கட்டையின் நான்கு முகமும் சமமாக விழுந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய புதுக்கட்டையானாலும், பாட்டன் காலத்துக் கட்டையானாலும், போட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது. 160 முறை போடுங்கள். ஏன் 160? பதினாறால் மீதியின்றி வகுபடும். தாயம் 20 முறை, 3 என்பது 40 முறை, 6-ம் 12-ம் பத்துப் பத்து முறை என எதிர்பார்ப்பு முழு எண்களாக வந்துவிடும்.

எங்களுக்குக் கிடைத்தது: தாயம் 17, இரண்டு 33, மூன்று 38, நான்கு 27, ஐந்து 22, ஆறு 14, பன்னிரண்டு 9. ஆறு பத்துக்குப் பதில் 14 வந்ததும், “மாமா, கட்டை கோணல்!” என்றாள். அவசரப்படக் கூடாது. இந்த மாதிரி எண்ணிக்கைக்குத் திட்ட விலக்கம் √(160 × 1/16 × 15/16), கிட்டத்தட்ட 3. எதிர்பார்ப்பிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் வரை, அதாவது 4 முதல் 16 வரை, எது வந்தாலும் சந்தேகப்படக் காரணமில்லை. 20 வந்திருந்தால் கட்டையைத் தூக்கிப் பார்த்திருப்பேன்.

உண்மையான கோணல் வேறு இடத்தில் வரும். உள்ளங்கையில் வைத்து உருட்டாமல் வழுக்கி விட்டால், கட்டை எடுத்த நிலையிலேயே விழும். பழகிய கை இதை வேண்டுமென்றே செய்யும் (எங்கள் அம்மாயியைச் சொல்லவில்லை). சோதனைக்குக் கட்டையைச் சொம்பில் போட்டுக் குலுக்கிக் கொட்டினோம். பாயில் சாய்ந்து நின்றால் அந்த வீச்சைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒருவர் போட, இன்னொருவர் எழுத வேண்டும். ஒரே ஆள் இரண்டும் செய்தால், மறுபடி போடும் உற்சாகத்தில் ஐந்தையும் ஆறையும் எழுத மறந்துவிடுவார்.

4. காய் இறங்க எத்தனை முறை ஆகும்?

ஒரு வீச்சில் தாயம் 8-ல் 1. ஆனால் 5, 6, 12 விழுந்தாலும் அதே முறையில் இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது. அதனால் ஒரு முறைக்கான வாய்ப்பு 8-ல் ஒன்றைவிடக் கூடுதல். அதை p என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, முதலிலேயே தாயம் (1/8). இல்லையென்றால் 5, 6, 12-ல் ஒன்று விழுந்து (4/16, அதாவது 1/4) மறுபடி முதல் நிலைக்கே வருகிறோம். எனவே

p = 1/8 + (1/4) × p

இதைத் தீர்த்தால் p = 1/6. நான்கு முகக் கட்டையில் ஆறு முகப் பகடைக்குரிய எண் வந்து நிற்பதைப் பார்த்து அவளுக்கு ஒரே சிரிப்பு. சராசரியாக ஆறு முறை காத்திருக்க வேண்டும். பத்து முறையும் தாயமே விழாமல் போக (5/6)¹⁰, ஏறத்தாழ 16 சதவீதம். ஆறு பேர் ஆடினால் ஒருவர் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சகஜம்தான்.

5. இப்போது யோசனை: எவ்வளவு தள்ளி நின்றால் வெட்டுப்படும்?

புராஜெக்ட்டின் உயிர் இதில்தான். எதிரியின் காய் சரியாக உங்கள் காய் நிற்கும் கட்டத்துக்கு வந்தால் அது வெட்டு, உங்கள் காய் நடந்ததெல்லாம் போய்விடும். எதிரியின் காய் பின்னால் இருக்கிறது, உங்கள் காய் மலையில், அதாவது வெட்ட முடியாத கட்டத்தில், இல்லை. எத்தனை கட்டம் முன்னால் நின்றால் ஆபத்து குறைவு? “ஆறுக்கு மேல் போய்விட்டால் தப்பித்தோம்” என்பார்கள். சரியா என்று பார்க்கலாம்.

இரண்டு வீச்சு வரை மர வரைபடம் போடுங்கள். முதல் வீச்சு 16 வழி, இரண்டாவது 16 வழி, மொத்தம் 256.

7 கட்டம் தள்ளி நின்றால்: ஐந்து போட்டுப் பிறகு இரண்டு (2 × 3 = 6 வழி). ஆறு போட்டு ஒன்று, அல்லது ஒன்று போட்டு ஆறு (2 + 2 = 4 வழி). மொத்தம் 10. இரண்டு போட்டு ஐந்து என்பதைச் சேர்க்கக் கூடாது, இரண்டு விழுந்தால் முறை முடிந்துவிடும். இந்த வரிசை விஷயத்தில்தான் எல்லாரும் தவறுவார்கள்.

8 தள்ளி: ஐந்து பிறகு மூன்று 8 வழி, ஆறு பிறகு இரண்டு 3 வழி, மொத்தம் 11. ஒரு கட்டம் தள்ளிப் போனதில் ஆபத்து குறையவில்லை, ஒரு வழி கூடிவிட்டது. மூன்றுதான் அதிகம் விழும் எண் என்பது காரணம்.

11 தள்ளி: ஐந்தும் ஆறும், எந்த வரிசையிலும். 4 வழிதான்.

12 தள்ளி: இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். முதல் வீச்சிலேயே பன்னிரண்டு விழலாம், அதற்குப் பிறகு எது விழுந்தாலும் சரி, 16 வழி. 1, 5, 6-ல் ஒன்று விழுந்து அடுத்துப் பன்னிரண்டு என்றால் 5 வழி. ஆறும் ஆறும் 1 வழி. மொத்தம் 22. பதினொன்றைவிட ஐந்து மடங்குக்கும் மேல்! தள்ளி நிற்க நிற்கப் பாதுகாப்பு என்ற எண்ணம் இந்த இடத்தில் உடைகிறது.

சரி, மூன்றாவது வீச்சு? இரண்டு முறை தொடர்ந்து மறுவீச்சு கிடைக்க 256-ல் 36, அதாவது ஏழில் ஒன்று. ஒதுக்கிவிடும் அளவுக்குச் சின்னதில்லை. அதையும் கையால் எண்ணிச் சேர்த்தோம். 7-க்கு 6.7 சதவீதம், 8-க்கு 7.9, 11-க்கு 3.2, 12-க்கு 10.3. எண்கள் ஏறின, வரிசை மாறவில்லை. இரண்டு வீச்சோடு நிறுத்தினால், நிறுத்தியதை நோட்டில் எழுதிவிடுங்கள்.

6. ஒரு நகர்த்தலைக் கணக்கிட்டுப் பார்த்தால்

அன்று நடந்ததையே எடுத்துக்கொள்கிறேன். அவளுடைய இரண்டு காய்கள், அம்மாயியின் காய்க்கு 7 கட்டம் முன்னால் ஒன்று, 8 கட்டம் முன்னால் ஒன்று. அவளுக்கு நான்கு விழுந்தது. முன்னால் இருப்பதை நகர்த்தினால் அது 12-ல் நிற்கும், பின்னது 7-லேயே இருக்கும்: 22 + 10 = 32 வழி. பின்னால் இருப்பதை நகர்த்தினால் அது 11-க்குப் போகும், மற்றது 8-ல்: 4 + 11 = 15 வழி. பாதிக்கும் குறைவு. இரண்டு வீச்சுக்குள் இரண்டு காயும் சேர்ந்து வெட்டுப்பட வழியில்லாததால் இப்படி நேராகக் கூட்டலாம்.

வெட்டுப்பட்டால் எவ்வளவு போகும் என்பதையும் பெருக்கிப் பாருங்கள். பின்காய் அதுவரை 20 கட்டமும் முன்காய் 21 கட்டமும் நடந்திருந்தன. முன்காயை நகர்த்தினால் சராசரி இழப்பு (22 × 25 + 10 × 20) ÷ 256, ஏறத்தாழ 2.9 கட்டம். பின்காயை நகர்த்தினால் (4 × 24 + 11 × 21) ÷ 256, ஏறத்தாழ 1.3 கட்டம். அவள் முன்காயைத்தான் நகர்த்தியிருந்தாள். அம்மாயிக்கு அடுத்த வீச்சில் மூன்று விழுந்ததால் பிழைத்தாள். வெட்டுப்படவில்லை என்பதால் அது நல்ல நகர்த்தல் ஆகிவிடாது என்று புரியவைக்கத்தான் எனக்கு நேரம் பிடித்தது.

7. கடைசிப் பக்கம்

விதியை மாற்றிப் பார்க்கும் பகுதிக்கு இதை வையுங்கள். சில வீடுகளில் ஐந்துக்கு மறுவீச்சு கிடையாது. அப்போது காய் இறங்கும் வாய்ப்பு p = 1/8 + (1/8) × p, அதாவது 1/7. இரண்டு வீச்சுக் கணக்கில் 7 தள்ளி நின்றால் 4 வழி, 8 தள்ளி நின்றால் 3 வழி, 11-க்கு ஆறு போட்டு ஐந்து என்ற 2 வழிதான். 12-க்கு மட்டும் நீங்களே எண்ணுங்கள். ஒன்றுக்கும் ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் மறுவீச்சு இருக்கிறது, ஐந்துக்கு இல்லை என்பதை மறக்காதீர்கள்.