ஒரு கண்ணாடியை வைத்து மூக்கின் வேலையைப் பார்ப்பது எப்படி?

மூக்கு காற்றை ஈரமாக்குவதை நேரில் பார்க்கக் கையளவு முகக்கண்ணாடி போதும். ஏ.சி. அறையில் 24 டிகிரியில் அதை அரை மணி நேரம் வைத்திருங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்காதீர்கள்; சென்னைப் புழுக்கத்தில் அறைக்காற்றின் ஈரமே அதன்மேல் படிந்து கண்ணாடி முழுக்க மங்கிவிடும்.

படி 1: கண்ணாடியைப் படுக்கைவாட்டில் மூக்கின் கீழ் பிடித்து, வாயை மூடி, சாதாரணமாக மூச்சு விடுங்கள். இரண்டு பனித்திட்டுகள் தெரியும். இது மூக்கு, மூச்சுக்குழாய், நுரையீரல் எல்லாம் சேர்ந்து ஏற்றிய நீர்.

எவ்வளவு நீர்? 24 டிகிரியில் பாதி ஈரப்பதமுள்ள ஒரு லிட்டர் காற்றில் சுமார் 11 மில்லிகிராம் நீராவி இருக்கும். நுரையீரலுக்குப் போய்ச் சேரும்போது 37 டிகிரியில் 44 மில்லிகிராம் இருக்க வேண்டும். வித்தியாசம் 33. நிமிடத்துக்கு 6 லிட்டர் மூச்சு என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 285 மில்லி நீர். இதில் ஒரு பங்கை மூக்கு திரும்பப் பிடித்துக்கொள்கிறது: உள்ளே போகும் காற்று மூக்கின் சுவரைக் குளிர்விக்கிறது, வெளியே வரும் வெதுவெதுப்பான காற்று அதே சுவரில் நீரை விட்டுச் செல்கிறது. வாயால் மூச்சு விட்டால் இந்த மீட்பு குறைவு. தொண்டை வறள இதுவும் ஒரு காரணம்.

படி 2: இரண்டு திட்டுகளையும் ஒப்பிடுங்கள். ஒன்று சிறியதாக இருப்பது பெரும்பாலும் இயல்பே. மூக்கின் உள்சுவரில் டர்பினேட் என்னும் மடிப்புகள் உண்டு. அவற்றின் ரத்தக்குழாய்கள் ஒரு பக்கம் வீங்கும், மறுபக்கம் சுருங்கும். சில மணி நேரத்தில் இது மாறும். காலையும் மாலையும் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் திட்டே விழவில்லை என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்துடன் சளி வந்தால் உள்ளே ஏதாவது சிக்கியிருக்கலாம், தாமதிக்க வேண்டாம்.

வடிகட்டுவதைக் கண்ணாடி காட்டாது. நாம் பார்க்கும் மூக்குமுடி பெரிய தூசியைத்தான் தடுக்கிறது. அதைத் தாண்டியது, வளைந்து போகும் காற்றிலிருந்து விலகிச் சுவரிலுள்ள சளியில் ஒட்டுகிறது. அந்தச் சளியைத் தள்ளுவது மூக்குமுடி அல்ல, கண்ணுக்குத் தெரியாத குற்றிழைகள். நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அடித்து அவை சளியைத் தொண்டைப் பக்கம் நகர்த்துகின்றன. நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். சளிக்கு அடியில், குற்றிழைகளைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் உண்டு. அது வற்றினால் சளி இறுகி, குற்றிழை அடித்தாலும் நகராது.

இந்த வேகத்தை அளக்க மருத்துவர்கள் டர்பினேட்டின் முன்முனையிலிருந்து சுமார் 1 செ.மீ. உள்ளே சிறு சாக்கரின் துணுக்கை வைப்பார்கள். மூக்கை உறிஞ்சாமல் உட்கார்ந்திருந்தால், பொதுவாக 20 நிமிடத்துக்குள் தொண்டையில் இனிக்கும். அரை மணிக்கு மேல் ஆனால் ஓட்டம் மந்தம். இதை வீட்டில் செய்யாதீர்கள்: முன்முனையிலேயே வைத்துவிட்டால் அங்குள்ள சளி முன்னோக்கி நகர்வதால் இனிப்பு தொண்டைக்கு வரவே வராது. ஒரு மணி நேரமாகியும் இனிக்கவில்லை என்றால், மருத்துவர் சாக்கரினை நாக்கில் வைத்துச் சுவை தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் குற்றிழையைச் சந்தேகிப்பார்.