'சீட்டு புரியவில்லை' என்று மட்டும் டாக்டருக்கு எழுதாதீர்கள்

முடக்குவாதத்துக்குப் புதிதாகச் சிகிச்சை தொடங்கிய 58 வயது அம்மா ஒருவரின் மருந்துச் சீட்டு ஒரு மாலை எங்கள் மருந்துக் கடைக் கவுண்டருக்கு வந்தது. முதல் வரியில் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. அளவு 7.5 மில்லிகிராமா, 15 மில்லிகிராமா என்று தெரியவில்லை. தலையில் கொக்கி போட்டு எழுதிய ஒன்றும் ஏழும் ஒன்றுபோலவே இருக்கும். நடுவில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் தாளின் மடிப்பு விழுந்திருந்தது. அதற்கடுத்து 'ஓ', பிறகு வேகமாக இழுத்த ஒரு கோடு. தினமும் ஒருமுறை என்பதற்கான ஓ.டி.யாக இருக்கலாம், வாரம் ஒருமுறை என்பதற்கான ஓ.டபிள்யூ.வாகவும் இருக்கலாம்.

முடக்குவாதத்துக்கு இந்த மருந்தை வாரத்தில் ஒரு நாள்தான் கொடுப்பார்கள். அதையே தினமும் விழுங்கினால் சில நாள்களிலேயே வாய் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை சோர்ந்து வெள்ளணுக்கள் குறையும், காய்ச்சலும் ரத்தக்கசிவும் வரும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இப்படி உயிர் போனவர்களும் உண்டு. அதனால், 'வாரம் ஒருமுறை என்றுதான் எழுதியிருப்பார், கொடுத்துவிடலாம்' என்று நினைக்கத் தோன்றும். நோய் முடக்குவாதம்தான் என்று அந்த அம்மா வாய்மொழியாகச் சொன்னதை வைத்து அப்படி முடிவெடுத்தாலும், அளவு பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. 7.5, 15 இரண்டிலுமே மாத்திரை கடையில் கிடைக்கிறது, இரண்டுமே வாராந்திர அளவாக இருக்கக்கூடியவை. ஊகத்தால் இதைத் தீர்க்க முடியாது, டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

டாக்டருக்குப் போன் செய்தோம், அவர் ஓ.பி.யில் இருந்தார். அந்த அம்மாவின் மகன் மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போவதாகச் சொன்னதால், கடிதம் எழுதிக் கொடுத்தோம். அப்போது எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி எழுதிய முதல் வரைவு இதுதான்: "மதிப்பிற்குரிய டாக்டர், தங்கள் சீட்டில் கையெழுத்து புரியவில்லை. மெத்தோட்ரெக்சேட் 15 ஓ.டி. தானே? உறுதி செய்யவும்."

மூன்றே வாக்கியம், ஆனால் அதில் பெரிய தவறு ஒன்று ஒளிந்திருக்கிறது. 'தானே?' என்று கேட்டால் பதில் 'ஆமாம்' என்றுதான் வரும். முன்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்க, மருந்தின் பெயரை மட்டும் பார்த்து, டாக்டர் ஒரு டிக் அடித்துவிடக்கூடும். அந்த டிக்குக்குப் பிறகு நம் கையில் டாக்டரே ஒப்புதல் கொடுத்த ஒரு தவறு இருக்கும், முன்பைவிட அது மோசம். பதிலை நாம் எழுதி வைத்து ஒப்புதல் வாங்கக் கூடாது. சந்தேகம் எங்கே என்று காட்டலாம், விடையை அவர்தான் தன் கையால் எழுத வேண்டும்.

'கையெழுத்து புரியவில்லை' என்ற வரியும் உதவாது. எந்த எழுத்து, எப்படியெல்லாம் படிக்க முடிகிறது என்று சொன்னால்தான் அவருக்கு ஆபத்து கண்ணில் படும். குற்றம் சாட்டுவதுபோல ஒலிப்பதால் கேள்வியும் திசை மாறிவிடும். மருந்துப் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சில் 2016லேயே விதித்தது உண்மைதான். அதைக் கடிதத்தில் நினைவூட்டினால் வாரம் ஒருமுறையா, தினமுமா என்பதற்குப் பதில் கிடைக்காது.

மூன்றாவது, ஓ.டி. என்ற அதே சுருக்கத்தையே கடிதத்திலும் எழுதியது. குழப்பம் வந்ததே அந்தச் சுருக்கத்தால்தான். 'வாரம் ஒருமுறை', 'தினமும் ஒருமுறை' என்று முழுச் சொல்லாக எழுத வேண்டும். எண்ணிலும் கவனம் தேவை: 5.0 என்று எழுதினால் புள்ளி மறைந்து 50 ஆகிவிடும், .5 என்று எழுதினால் 5 ஆகிவிடும். 5 என்றும் 0.5 என்றும்தான் எழுத வேண்டும்.

திருத்தி எழுதிய கடிதம் இப்படி அமைந்தது:

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

இன்றைய தேதியிட்ட தங்கள் சீட்டு (நோயாளி பெயர், வயது 58, ஓ.பி. எண், நகல் இணைப்பில்) குறித்து.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வரியில் இரண்டு இடங்களை எங்களால் உறுதியாகப் படிக்க முடியவில்லை.
அளவு: 7.5 மில்லிகிராம் என்றும் 15 மில்லிகிராம் என்றும் படிக்க முடிகிறது.
எப்போது: வாரம் ஒருமுறை என்றும் தினமும் ஒருமுறை என்றும் படிக்க முடிகிறது.

இந்த மாத்திரையை இன்னும் கொடுக்கவில்லை. இதற்கு முன் இதைச் சாப்பிட்டதில்லை என்று நோயாளி சொல்கிறார். சீட்டில் உள்ள ஃபோலிக் அமிலத்தையும் நிறுத்தி வைத்துள்ளோம்.

அளவு, கிழமை, மொத்த மாத்திரைகள் மூன்றையும் கீழே எண்ணாலும் எழுத்தாலும் தாங்களே எழுதிக் கையொப்பமிட வேண்டுகிறோம். நாளை பகல் 12 மணிக்குள் தகவல் இல்லாவிட்டால் நாங்களே போனில் அழைக்கிறோம்.

மருந்தாளுநர் பெயர், பதிவு எண், கைபேசி எண்"

'இன்னும் கொடுக்கவில்லை' என்ற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நோயாளி ஏற்கெனவே மாத்திரை விழுங்கிவிட்டாரா என்பதுதான் டாக்டர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது. இரண்டு நாள் விழுங்கியிருந்தால் விஷயமே வேறு, ரத்தப் பரிசோதனைவரை போக வேண்டியிருக்கும். மொத்த மாத்திரைகளைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. ஒரு மாதத்துக்கு நான்கு மாத்திரை என்று அவர் எழுதினால், வாரம் ஒருமுறை என்பது இன்னொரு வழியிலும் உறுதியாகிறது. மருந்துகள் விதிகள், 1945 சீட்டில் மொத்த அளவும் இருக்க வேண்டும் என்கிறது, ஆனாலும் அந்தக் கட்டம்தான் பெரும்பாலும் காலியாக வருகிறது.

எல்லா மருந்துக்கும் கடிதம் போதாது. புதிதாகத் தொடங்கும் மெத்தோட்ரெக்சேட் ஒரு நாள் தள்ளிப்போவதால் பாதகமில்லை. இன்சுலினிலோ வலிப்பு மாத்திரையிலோ இதே குழப்பம் வந்தால் கடிதம் போய் வரும்வரை நோயாளியால் காத்திருக்க முடியாது. அங்கே போன்தான், டாக்டர் கிடைக்காவிட்டால் நோயாளியை உடனே மருத்துவமனைக்கே அனுப்ப வேண்டும். போனில் வரும் பதிலைக் கேட்டதும் வைத்துவிடாமல், "ஏழு புள்ளி ஐந்து, வாரம் ஒருமுறை, சரிங்களா சார்?" என்று திருப்பிச் சொல்லிக்காட்டி, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். சீட்டின் மேல் நாமே பேனாவால் திருத்தக் கூடாது. டாக்டர் திருத்திக் கையொப்பமிட்ட சீட்டோ புதுச் சீட்டோ வர வேண்டும். பழைய சீட்டு நோயாளியின் பையிலேயே இருந்தால், அடுத்த மாதம் வேறு கடையில் அதே குழப்பம் மறுபடி தொடங்கும்.

மறுநாள் பதினொன்றரை மணிக்கு மகன் வந்தார். டாக்டர் சீட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் கையொப்பமிட்டு, கடிதத்தின் கீழே எழுதியிருந்தார்: 7.5, ஏழு புள்ளி ஐந்து மில்லிகிராம், வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை, மொத்தம் 4 மாத்திரை. ஃபோலிக் அமிலம் திங்கள் முதல் சனி வரை. நான்கு மாத்திரையை மட்டும் அட்டையிலிருந்து வெட்டி, கவரின் மேல் 'ஞாயிறு மட்டும்' என்று தடித்த பேனாவால் எழுதி அந்த அம்மா கையில் கொடுத்தோம். எந்தக் கிழமை என்று அவரையே சொல்லச் சொன்னோம். "ஞாயித்துக்கிழமை ஒண்ணு, மத்த நாள் இத தொடக் கூடாது" என்றார்.