புதிய போனைத் திறக்கும் முன், பழைய போனில் ஒரு மணி நேரம்

சென்ற மாதம் அத்தைக்குப் புதிய போன் வாங்கினோம். பழையதும் ஆண்ட்ராய்டு, புதியதும் ஆண்ட்ராய்டு. பெட்டியைப் பிரித்ததும் அதை ஆன் செய்யப் போன அத்தையை நான்தான் தடுத்தேன். புதிய போனில் தெரியும் முதல் சில திரைகளில்தான் பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவரும் வழி எளிதாகக் கிடைக்கும். ஆனால் அந்த வழியாக எது வரும், எது விடுபடும் என்பது பழைய போனில் அது எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் வேலை பழைய போனில்தான் தொடங்குகிறது. அத்தையின் போனில் நாங்கள் செய்ததையே வரிசையாகச் சொல்கிறேன். இரண்டு போனும் ஆண்ட்ராய்டாக இருந்தால் நீங்களும் இதேபோல் செய்யலாம். சில போன்களில் திரையில் வரும் சொற்கள் மட்டும் சற்று மாறியிருக்கும்.

1. எந்தக் கூகுள் கணக்கு?

பழைய போனில் Settings சென்று Google என்பதைத் தொடுங்கள். மேலே ஒரு மின்னஞ்சல் முகவரி தெரியும். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, அதன் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு இந்தக் கணக்கை போன் வாங்கிய கடையிலேயே தொடங்கிக் கொடுத்திருப்பார்கள். கடவுச்சொல்லை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அத்தைக்கும் அப்படித்தான். பழைய போன் கையில் இருந்து, அதில் கணக்கும் திறந்திருக்கும்போது கடவுச்சொல்லை மாற்றுவது மிகவும் எளிது. உறுதிப்படுத்தும் கேள்வி அந்தப் போனுக்கே வரும். பழைய போனை அழித்துவிட்ட பிறகு அதே வேலை நாள்கணக்கில் இழுக்கும்.

பழைய போனின் திரைப்பூட்டு எண்ணும் வேண்டும். தகவல்களை மாற்றும்போது அதைக் கேட்பார்கள்.

2. நம்பர்கள் மூன்று இடத்தில் இருக்கும்

நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். Contacts செயலியில் எல்லாப் பெயர்களும் ஒரே பட்டியலாகத் தெரிகின்றன. உண்மையில் அவை சிம் கார்டிலும், போனின் நினைவகத்திலும், கூகுள் கணக்கிலுமாகச் சிதறிக் கிடக்கும். கூகுள் கணக்கில் உள்ளவை புதிய போனில் அந்தக் கணக்கைத் திறந்ததுமே தாமாக வந்துவிடும். மற்ற இரண்டுக்கும் அந்த உறுதி கிடையாது.

அத்தையின் பட்டியலில் 340 பெயர்கள் இருந்தன. கணினியில் contacts.google.com திறந்து, அதே கணக்கில் நுழைந்து பார்த்தால் 32 பெயர்கள்தான். மற்ற 308 பெயர்களையும் கூகுள் கணக்கில் சேர்க்க இரண்டு வேலைகள் செய்தோம்.

முதலில் சிம். கூகுளின் Contacts செயலியில் Organize என்ற பகுதியில் Import from SIM இருக்கும். அதைத் தொட்டு, எந்தக் கணக்கில் சேமிப்பது என்று கேட்கும்போது தாளில் எழுதி வைத்த முகவரியைத் தேர்ந்தெடுங்கள். சிம்மில் நீளமான பெயர்களுக்கு இடம் இல்லாததால் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டிருக்கலாம். அத்தையிடம் "மளிகை செல்வர" என்று ஒன்று வந்தது. அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். இப்போது கணினியில் எண்ணிக்கை 128.

அடுத்து போனின் நினைவகம். Settings திறந்து Google, அதில் Settings for Google apps, Google Contacts sync, Also sync device contacts என்று வரிசையாகச் செல்லுங்கள். அங்கே Automatically back up & sync device contacts என்பதை இயக்கி, அதே கணக்கைத் தேர்ந்தெடுங்கள். சில நிமிடம் கழித்துக் கணினியில் பக்கத்தைப் புதுப்பித்தபோது 340 வந்துவிட்டது. கணினி இல்லாவிட்டால், வீட்டில் வேறொருவரின் போனில் இதே இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். பார்த்து முடித்ததும் அந்தப் போனிலிருந்து கணக்கை வெளியேற்றிவிடுங்கள். ஒரே ஆள் இரண்டு முறை வந்திருந்தால் கவலை வேண்டாம். அதே இணையப் பக்கத்தில் Merge & fix என்ற வசதி இருக்கிறது. எண்ணிக்கை சரியாகும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. வாட்ஸ்ஆப்புக்கு ஒரு காப்பு நகல்

உரையாடல்களை நேரடியாகவே மாற்றப் போகிறோம். ஆனாலும் அதற்கு முன்பு ஒரு நகல் இருப்பது நல்லது. வாட்ஸ்ஆப்பில் Settings, Chats, Chat backup என்று சென்று Back up அழுத்துங்கள். வைஃபையில் செய்யுங்கள். இந்த நகல் கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபிக்குள்தான் சேரும். படங்களும் மின்னஞ்சல்களும் அதே இடத்தைத்தான் பயன்படுத்துகின்றன. இடம் போதவில்லை என்றால் இதே பக்கத்தில் வீடியோக்களைச் சேர்க்காமல் விடலாம்.

இதே பக்கத்தில் End-to-end encrypted backup இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அதற்கு வைத்த கடவுச்சொல்லோ 64 இலக்கக் குறியீடோ தெரியாமல் நகலைத் திறக்க முடியாது. மறந்திருந்தால் இப்போதே, பழைய போனிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். வாட்ஸ்ஆப்புக்கு 6 இலக்க ரகசிய எண் வைத்திருந்தால் அதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

4. புதிய போனின் முதல் திரைகள்

இரண்டு போனிலும் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும். சிம் இப்போதைக்குப் பழைய போனிலேயே இருக்கட்டும். புதிய போனை ஆன் செய்து, மொழியைத் தேர்ந்தெடுத்து, வைஃபையில் இணையுங்கள். சற்று நேரத்தில் Copy apps & data என்ற திரை வரும். அதன் பக்கத்திலேயே Don't copy என்று ஒன்று இருக்கும். அவசரத்தில் அதைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டுவிட்டால், புதிதாக எதையும் சேமிக்காத போன்தான் என்பதால் அதை ரீசெட் செய்து முதலிலிருந்து தொடங்குவதே நேர்வழி.

கேபிள் வழியா, வைஃபை வழியா என்று கேட்கும். என் தேர்வு எப்போதும் கேபிள்தான். படங்கள் நிறைய இருந்தால் வைஃபையில் நேரமும் அதிகமாகும், நடுவில் அறுந்துபோகும் வாய்ப்பும் அதிகம். அத்தையின் பழைய போனில் பழைய வகைச் சிறிய துளை, புதியதில் டைப்-சி. இரண்டையும் நேராக இணைக்கும் கேபிள் எங்களிடம் இல்லை. ஆனால் ஓடிஜி எனப்படும் விரலளவு இணைப்பான் இருந்தது. அதைப் புதிய போனில் செருகி, பழைய சார்ஜர் கேபிளின் பெரிய முனையை அதில் மாட்டி, சிறிய முனையைப் பழைய போனில் மாட்டினோம். உடனே பழைய போனில் அனுமதி கேட்டது. பூட்டு எண்ணைப் போட்டதும் என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்தது. செயலிகள், தொடர்புகள், குறுஞ்செய்திகள், படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தோம். முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை கேபிளை அசைக்காதீர்கள்.

மெமரி கார்டில் உள்ள படங்கள் இதில் வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதிய போனில் கார்டுக்கு இடம் இருந்தால் பிறகு மாற்றிச் செருகலாம். இல்லையென்றால் கணினியில் நகலெடுக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தக் கார்டைப் பழைய போன் தன் உள் நினைவகமாகப் பயன்படுத்தி வந்திருந்தால், கார்டு அந்தப் போனில் மட்டுமே திறக்கும். அப்படிப்பட்ட கார்டிலிருந்து படங்களைப் பழைய போன் வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

5. உரையாடல்கள்: வரிசை மாறக் கூடாது

புதிய போனில் வாட்ஸ்ஆப் சின்னம் வந்திருக்கும், உரையாடல்கள் வந்திருக்காது. அவற்றைத் தனியாகத்தான் கொண்டுவர வேண்டும்.

முதலில் பழைய போனில் வாட்ஸ்ஆப்பைத் திறந்து Settings, Chats, Transfer chats சென்று Start அழுத்துங்கள். அந்தத் திரையை அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு புதிய போனில் வாட்ஸ்ஆப்பைத் திறந்து, அதே எண்ணைக் கொடுங்கள். சரிபார்க்கும் 6 இலக்கக் குறியீடு பழைய போனில் உள்ள சிம்முக்குக் குறுஞ்செய்தியாக வரும். திரைக்கு மேலே தெரியும்போதே படித்து, புதியதில் தட்டச்சு செய்யுங்கள். அந்தக் குறியீட்டை போன் செய்து யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

அடுத்து, பழைய போனிலிருந்து மாற்றுவதற்கான திரையில் Start அழுத்தினால் இருப்பிடம், அருகிலுள்ள சாதனங்கள் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்கும். கொடுங்கள். இரண்டு போனிலும் வைஃபை இயங்க வேண்டும். புதிய போனில் ஒரு கியூஆர் கட்டம் தோன்றும். அதைப் பழைய போனால் ஸ்கேன் செய்து, இணைப்புக்குச் சம்மதம் கொடுத்தால் மாற்றம் தொடங்கும். தகவல்கள் நேராகப் போனிலிருந்து போனுக்குப் போகின்றன. இரண்டையும் அருகருகே வைத்து, திரை அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் வேறு செயலிக்குப் போக வேண்டாம்.

கியூஆர் வழி சரிப்படவில்லை என்றால், மூன்றாம் படியில் எடுத்த நகல் இருக்கிறது. எண்ணைச் சரிபார்த்தவுடன் Restore என்று கேட்கும். அதே கூகுள் கணக்கு புதிய போனில் இருந்தால்தான் கேட்கும். கேட்காவிட்டால் மேலே செல்லாமல் நிறுத்தி, கணக்கைச் சேர்த்துவிட்டு வாருங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் இந்த இடத்தில் Skip அழுத்திவிட்டார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, தினசரி நகல் எடுக்கும் வசதியையும் இயக்கினார். மறுநாள் அந்த வெறுமையான வாட்ஸ்ஆப்பின் நகல் பழைய நகலின் மேல் எழுதப்பட்டுவிட்டது. அவருடைய அப்பா அனுப்பிய குரல் செய்திகள் எல்லாம் அதில்தான் இருந்தன. தெரியாமல் Skip அழுத்திவிட்டால் புதிய நகல் எதுவும் எடுக்கவிடாமல், உடனே வாட்ஸ்ஆப்பை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள். Restore மறுபடியும் கேட்கும்.

6. சரிபார்த்துவிட்டு அழியுங்கள்

சிம்மைப் புதிய போனுக்கு மாற்றிவிட்டு மூன்றைப் பாருங்கள். Contacts செயலியில் எண்ணிக்கை பொருந்துகிறதா? படங்களில் மிகப் பழையது எந்த ஆண்டு? வாட்ஸ்ஆப்பில் நெருங்கியவரின் உரையாடலை மேலே நகர்த்திக்கொண்டே போனால் பழைய படம் ஒன்று திறக்கிறதா? அத்தை தன் பேத்தி பிறந்த அன்று வந்த படத்தைத் தேடினார். அது திறந்ததும்தான் போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பழைய போனில் இடம் பிடிக்கிறதே என்று கூகுள் போட்டோஸ் செயலியில் படங்களைத் தேர்ந்தெடுத்து அழிக்காதீர்கள். அந்தக் கணக்கில் சேமிப்பு இயக்கத்தில் இருந்தால், ஒரு போனில் அழிப்பது கணக்கிலிருந்தும் அழியும்; புதிய போனிலும் காணாமல் போகும். தவறி அழித்துவிட்டால் Trash பகுதியில் பாருங்கள். சேமிக்கப்பட்ட படங்கள் அங்கே 60 நாள் இருக்கும்.

பழைய போனைக் குறைந்தது இரண்டு வாரம் அலமாரியில் வைத்திருங்கள். விடுபட்டது ஏதாவது இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு யாருக்காவது கொடுப்பதென்றால், முதலில் Settings பகுதியில் உங்கள் கூகுள் கணக்கை நீக்குங்கள். அதன் பிறகுதான் முழு ரீசெட். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால், வாங்கியவர் போனைத் திறக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கலாம்.