பள்ளித் தோட்டத்தில் புழுவுக்கு மருந்து அடிக்கும் முன்

போன மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போயிருந்தேன். புதிதாகத் தோட்டம் போட்ட இளம் ஆசிரியர் ஒருவர், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்து, கறிவேப்பிலைக் கன்றுக்கு வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டிருந்தார். 11 வருடத்துக்கு முன் நான் நின்ற அதே கோலம். நெருக்கி விதைப்பது, தண்ணீர் ஊற்ற மறப்பது போன்ற தவறெல்லாம் ஒரு பருவத்தில் தானாகச் சரியாகிவிடும். பிள்ளைகள் முன் புழுவுக்கு மருந்து அடிப்பது அப்படிச் சரியாகாது.

புழு என்றதும் மருந்து

நானும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் என்று கலக்கி, "பாருங்க, இயற்கை முறை" என்று பாடம் வேறு எடுத்தேன். மறுவாரம் ஒரு பையன் நோட்டுத்தாளை மடித்துக் கொண்டுவந்தான். பிரித்தால் ஏழெட்டுப் புழுக்கள், நசுங்கிப்போய். "எலுமிச்சையில இருந்ததை எல்லாம் கொன்னுட்டேன் சார்." அவனைப் பாராட்டினேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. அப்புறம் மண்புழு, மரவட்டை என்று எது கண்ணில் பட்டாலும் மிதித்தார்கள். மருந்து இயற்கையா என்று யார் பார்த்தது? சார் புழுவைக் கொல்கிறார், அவ்வளவுதான் அவர்கள் கண்டது.

அது எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு. சின்னதில் பறவை எச்சம் போலவே இருக்கும், வளர்ந்ததும் இலைப்பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பு இரண்டாகப் பிரிந்து நீளும், ஒரு வாடையும் வரும். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் என்று ஒரே குடும்பச் செடிகளைத்தான் தின்னும். வெண்டைக்கும் கத்தரிக்கும் அதனால் ஆபத்தில்லை.

முழங்கால் உயரக் கன்றை நாலைந்து புழுக்களே மொட்டையடித்துவிடும், உண்மைதான். அதற்காக இப்போது மூன்று கன்று வைக்கிறோம், ஒன்று புழுவுக்கு. நெருக்கடி வந்தால் இலையோடு கிள்ளிப் பெரிய செடிக்கு மாற்றுவோம். முட்டை முதல் இறக்கை வரை ஏறக்குறைய ஒரு மாதம். கூட்டுப்புழு கருத்து, உள்ளே இறக்கைக் கோடுகள் தெரிந்தால் அடுத்த நாள் வெளிவரும் என்று பிள்ளைகளே சொல்வார்கள். உதவி செய்கிறேன் என்று கூட்டைப் பிரிக்க மட்டும் விடாதீர்கள்; இறக்கை சரியாக விரியாமல் போகலாம்.

எல்லாம் பிழைக்காது. ஒரு முறை கூட்டில் ஓட்டை விழுந்து, உள்ளேயிருந்து குட்டிக் குளவிகள் வந்தன. "குளவி கெட்டதா சார்?" என்று கேட்டாள் ஒருத்தி. அன்றைக்குக் கணக்கு வகுப்பு நடக்கவில்லை.

களையெடுப்பதைத் தண்டனையாக்குவது

செய்யாதீர்கள்.

பங்குனியில் விதைப்பது

வெண்டை காய்க்கும்போது பள்ளி பூட்டியிருக்கும். ஆடி தொடக்கத்தில் போட்டால் 45, 50 நாளில் பறித்து, காலாண்டுத் தேர்வுக்கு முன்பே சத்துணவுக் கூடத்துக்குக் கொடுத்துவிடலாம்.