“அறிமுகப்படுத்தி வைக்கிறேன்” என்று சொன்ன பிறகு செய்ய வேண்டியவை

திருப்பூரில் சிறிய அளவில் பனியன் ஆர்டர் எடுக்கத் தொடங்கியிருந்த ஓர் இளைஞர், நம்பகமான பிரிண்டிங் பட்டறை எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார். “எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரு இருக்காருங்க, நாளைக்கே பேசிடறேன்” என்று தேநீர்க் கடையில் நின்றபடி சொன்ன நான், அதை மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துச் சந்தித்தபோதுதான், என் சொல்லை நம்பி அவர் வேறு பட்டறைகளை விசாரிக்காமலே இருந்தது தெரிந்தது. அவர் கோபப்படவில்லை, ஆனால் அதன் பிறகு என்னிடம் எதையும் கேட்கவில்லை.

பெரிய ஆர்டர் தாமதமானால் நூல் வரவில்லை, சாயப்பட்டறையில் துணி நின்றுவிட்டது என்று சொல்ல இடமுண்டு. கேட்பவரும் அதை ஏற்றுக்கொள்வார். ஒரு தொலைபேசி அழைப்பைச் செய்யாததற்கு அப்படிக் காரணம் எதுவும் கிடையாது. மேலும், சரக்கைக் கடனுக்குக் கொடுக்கும் முன் “ஆளு எப்படிங்க?” என்று மூன்றாமவரிடம் விசாரிப்பது இங்கே வழக்கம். அப்படிக் கேட்கப்படுபவர் நம் பெரிய ஒப்பந்தங்களைப் பார்த்தவராக இருக்கமாட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நாம் செய்த, அல்லது செய்யாமல் விட்ட, இத்தகைய சிறு காரியம் மட்டுமே.

ஆகவே முதல் படியாக, அந்த இடத்தைவிட்டு நகரும் முன்பே யாரை, யாரிடம், எதற்காக, எந்த நாளுக்குள் என்ற நான்கையும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். நாளைச் சொல்லும்போது சனிக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. வாரச் சம்பளம் போடும் அன்று பட்டறைக்காரர் பேசும் நிலையில் இருக்கமாட்டார்.

இரண்டாவது படியைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். பட்டறைக்காரரின் எண்ணை உடனே கொடுத்துவிடாமல், முதலில் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். அவரிடம் வேலை நிறைந்திருக்கலாம், அல்லது புதியவர்களுக்குக் கடன் தருவதை அவர் நிறுத்தியிருக்கலாம். நான் இப்போது இப்படித்தான் எழுதுகிறேன்: “அண்ணா, வணக்கமுங்க. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவருக்கு 500 பீஸ் மார்பு பிரிண்ட் வேண்டுமாம். ஆறு மாதமாகத் தெரியும். பணம் கொடுக்கல் வாங்கல் எனக்கும் அவருக்கும் இருந்ததில்லை. உங்கள் எண்ணைக் கொடுக்கலாமுங்களா?” தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது முக்கியம், ஏனெனில் பின்னாளில் பாக்கி நின்றால் அந்த வரிதான் இருவருக்கும் இடையில் நம்மைக் காப்பாற்றும்.

சம்மதம் வந்ததும் இருவருக்கும் ஒரே செய்தியை அனுப்பிவிட்டு விலகிக்கொள்ளுங்கள். விலை பேசுவதில் தலையிட வேண்டாம்.

அவர் மறுத்தால், அல்லது இரண்டு நாளாகியும் பதில் தராவிட்டால், கேட்டவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். “அண்ணனுக்கு இந்த மாதம் முடியாதாம், நீங்கள் வேறு இடம் பாருங்கள்” என்ற ஒரு வரி அவருடைய காத்திருப்பை முடித்துவைக்கிறது. அந்த இளைஞருக்கு நான் கொடுக்காமல் விட்டது அந்த ஒரு வரியைத்தான்.